நாற்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே ஒரு காலி வரி

தென்காசியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் டைப்பிங் கடைக்கு ரசீது புத்தகம் வந்தால் எனக்கு முகம் சுருங்கிவிடும். பக்கத்து நாற்காலி அக்காவுக்கோ அன்றைக்குத்தான் வேலையே களை கட்டும். சொந்த அக்கா இல்லை. என்னைவிட மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மங்கின எழுத்தைப் படிப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது.

சீசனுக்கு முன்னால் குற்றாலத்துக் கடைக்காரர் சங்கச் செயலாளர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அருவிக்குப் போகும் பாதையில் சீசன் கடை போடுகிறவர்கள் அதில் பெயர் பதிவார்கள். மேல்தாளைக் கிழித்து அவர்களிடம் கொடுத்துவிட, கார்பன் நகல் புத்தகத்திலேயே தங்கும். இரண்டிலும் ஒரே எண் அச்சாகியிருக்கும். எண் எவ்வளவு முந்தியதோ, கடை அருவிக்கு அவ்வளவு பக்கம். அந்த நகல்களைப் பார்த்து நாங்கள் பட்டியல் அடிக்க வேண்டும்.

ஒரே கார்பனைப் புத்தகம் முழுக்க ஓட்டியிருந்தார்கள். போகப்போக எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்தது. அக்கா பெயர் எதையும் தொடவில்லை. முதலில் ஒன்று தொடங்கிக் கடைசி வரை எண்களை மட்டும் வரிசையாக அடித்தாள்.

"இது என்னக்கா வெட்டி வேலை? பேர அடிச்சா நம்பர் தன்னால வரப் போவுது."

"தன்னால வந்தா ஒரு தாளு ஒட்டிக்கிட்டு வந்தாலும் தெரியாது ஏட்டி. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தன் பேரும் அடுத்தவன் நம்பர்ல போய் உக்காரும்."

பிறகுதான் பெயர்கள். புரியாத எழுத்து வந்தால் அதே கை எழுதிய தெளிவான பக்கத்தைத் தேடி, அங்கே அந்த எழுத்து எப்படி வளைகிறது என்று பார்ப்பாள். எனக்குப் பொறுமை இல்லை. அவள் பொறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பிடித்தது.

நாற்பத்தேழாம் நகல் சுத்தமாக வெள்ளையாக இருந்தது. அக்கா செல்போன் டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். பேனா அழுத்திய தடங்கள் தெரிந்தன. ஆனால் முந்தின ரசீதுகளின் தடமும் சேர்ந்து குழம்பிக் கிடந்ததால் 'இலத்தூர்' என்ற ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் தேறவில்லை.

"கார்பன திருப்பி வச்சிட்டாவ. மை பக்கம் மேல இருந்திருக்கு. எழுத்து மேல்தாளுக்கு முதுகுல போயிருக்கும்" என்றாள்.

பட்டியலுக்காகக் காத்திருந்த செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அத விட்டுருங்கம்மா. நாப்பத்தெட்ட மேல ஏத்திருங்க. நாளைக்குப் பட்டியல் ஒட்டணும்."

"புத்தகத்துல நம்பர் இருக்கு அண்ணாச்சி. நான் எப்படி இல்லன்னு அடிக்க?"

'நகலில் எழுத்து விழவில்லை' என்று நாற்பத்தேழுக்கு எதிரே அடித்து, மற்ற வரிகளை அதனதன் இடத்திலேயே விட்டாள். ஊகித்து ஒரு பெயர் போட்டிருக்கலாம். இலத்தூர்க்காரர்கள் நிறையப் பேர். அவள் போடவில்லை. செயலாளர் முனகிக்கொண்டே பட்டியலையும் புத்தகத்தையும் வாங்கிப்போனார்.

மறுநாள் மத்தியானம் அவரே ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மங்குஸ்தான், ரம்புட்டான் பழம் விற்கிறவர். பட்டியலில் அவர் பெயரைக் காணோம். கையிலிருந்த ரசீது சாரலில் நனைந்து, பேனா மை கரைந்து ஊதாத் திட்டாகியிருந்தது. எண் இருந்த மூலை பிய்ந்துபோயிருந்தது.

"நம்பர் இல்லாட்டி கடைசியிலதான் எடம்னு சொல்லுதாங்க. கடைசின்னா பஸ் ஸ்டாண்டு பக்கம். அங்கன குளிச்சிட்டு வாற கூட்டமே வராது. நாங்க ரெண்டு மாச யாவாரத்த நம்பித்தான் இருக்கோம்" என்றார் அந்தப் பெண்.

அக்கா ரசீதைத் திருப்பினாள். முதுகில் கார்பன் எழுத்து நீலமாக, இடம் வலம் மாறி, அப்படியே இருந்தது. பேனா மையைக் கரைத்த தண்ணீர் கார்பனைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பொட்டு வைக்கும் கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்தாள். பெயரும் இலத்தூரும் நேராக வந்து நின்றன.

"புத்தகத்துல வெள்ளையா இருக்கிற நகல் ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள்.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பிரித்தார். ரசீதை நாற்பத்தேழின் மேல் பொருத்தி வைத்து, ஓரத்தைத் தூக்கித் தூக்கி டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தோம். எழுத்தும் தடமும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இவுகளதுதான். மாத்தி அடிச்சுத் தாங்க" என்றார்.

அக்கா அந்த ஒரு வரியில் மட்டும் பெயரை அடித்தாள். மேலேயும் கீழேயும் யாரும் ஒரு அடி நகர வேண்டியிருக்கவில்லை.

புதுத் தாள் பிரிண்டரிலிருந்து வந்ததும், அந்தப் பெண் எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"என்னய யாருன்னே தெரியாது. எனக்கு எடம் போட்டு வச்சிருந்தியளே தாயி."