நான் விரித்து எழுதிய இனிஷியல்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பதினோரு வருடமாக விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, வங்கிப் படிவம், விசாக் காகிதம், எல்லாம் நிரப்பித் தருவேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வளைகுடாவுக்குப் போகிற முஸ்லிம்கள்.

சொந்தப் பேரை ஒழுங்காக எழுதத் தெரியாத ஜனங்கள் என்று அவர்களைப் பற்றி யாராவது என் கடையில் உட்கார்ந்து பேசினால் எழுந்து போகச் சொல்லிவிடுவேன். பெயர் அரபி. பள்ளிக்கூடத்தில் அதைத் தெலுங்கில் கேட்டு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ரேஷன் கார்டில் இன்னொருவர், ஆதாரில் வேறொருவர். முகமது என்கிற ஒரே பெயரில் முதல் எழுத்துக்கு அடுத்து ஓ போட்டது, ஏ போட்டது, யூ போட்டது, நடுவில் ஒரு எம், இரண்டு எம், எல்லாம் என் கையில் வந்திருக்கின்றன. எம்டி என்று சுருக்கி எழுதிய ஒருவரை வங்கியில் டாக்டரா என்று கேட்டார்கள். அப்துலுக்கும் ரஹ்மானுக்கும் நடுவே இடைவெளி விட்டால் ஒரு ஆள், சேர்த்து எழுதினால் வேறு ஆள். கம்ப்யூட்டருக்கு அப்படித்தான்.

எது சரி என்று ஓதத் தெரிந்தவரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அரபியில் சரி ஒன்றுதான். ஆங்கிலத்தில் எல்லாமே சரி. ஆகவே என் கடையில் ஒரே சட்டம். வாயால் சொல்வதை எழுத மாட்டேன். ஒரு காகிதத்தை அடிப்படையாக வைத்து, அதில் இருக்கிற எழுத்தை எழுத்தாக, இடைவெளியை இடைவெளியாக, மற்ற எல்லாவற்றிலும் இறக்குவேன். சுருக்கம் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாது, அதனால் விரித்து எழுதுவேன். இதில் எனக்குத் திமிர் உண்டு.

நகரி பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயது, ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன். வீட்டில் தமிழ் பேசுகிறவன். நானும் நகரிக்காரிதான், தறிக்காரர் வீட்டுப் பெண். ஊர்ப் பேச்சு கேட்டதும் முன்னால் நின்றவர்களை விட்டுவிட்டு அவனை உட்கார வைத்தேன். ஆதாரில் எஸ் என்று ஒரு இனிஷியல், பிறகு முகமது, பிறகு இன்னொரு நபியின் பெயர்.

"எஸ்ஸுன்னா இன்னாப்பா?"

"தெரியலக்கா. மொதல்லேர்ந்தே அப்டிதான் இருக்குது."

"உங்க அத்தா பேரு?"

சொன்னான். அதுவும் எஸ்ஸில் தொடங்கியது.

"அப்புறம் இன்னா தெரியல? அத்தா பேரு கூடவா தெரியாது ஒனக்கு?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

நம் வீடுகளில் இனிஷியல் என்றால் அப்பா பெயர். வேறு எதுவாக இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. அப்பா பெயரை விரித்துப் பான் கார்டு எடுத்தேன். ஆதாரை அதற்கேற்றபடி திருத்தினேன். வங்கிக் கணக்கு, பிறகு பாஸ்போர்ட். திருப்பதி பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அவ்வளவு சுத்தம். பத்தாவது சான்றிதழை மட்டும் நான் கேட்கவில்லை. அவன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஆதார் போதும், எதற்கு அலைய வைப்பது என்று விட்டேன்.

ஏஜென்ட் மூலமாகக் கத்தாரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது, விசாவும் வந்தது. ஐடிஐ சான்றிதழில் தூதரக முத்திரை வேண்டும் என்றார்கள். சான்றிதழ் போன வேகத்தில் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் இருக்கிற ஆளும் சான்றிதழில் இருக்கிற ஆளும் வேறு என்று ஏஜென்ட் எழுதி அனுப்பியிருந்தான்.

சான்றிதழை மேஜைமேல் விரித்தேன். முதல் வார்த்தை ஷேக். எஸ் அதுதான். பத்தாவது சான்றிதழிலும் அதுவே.

அவன் அத்தாவை வரச் சொன்னேன். நகரியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"எங்க வூட்ல யாரும் ஷேக் போட்டுக்கினதில்லம்மா," என்றார். "இஸ்கூல்ல சேக்கும்போது எட்மாஸ்டரு, 'இண்டிபேரு ஏமி'ன்னாரு. எங்களுக்கு அதெல்லாம் ஏது சார்ன்னேன். துலுக்கங்களுக்கு ஷேக் தானேன்னு அவரே எழுதிக்கினாரு. எனக்கு இன்னா தெரியும்?"

தெலுங்கர்களுக்கு இனிஷியல் என்றால் குடும்பப் பெயர், இண்டிபேர். அது இல்லாதவருக்கு அந்தத் தலைமையாசிரியர் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அந்த எழுத்தை நான் தமிழ் வழக்கப்படி விரித்தேன். ஆந்திராவில் கடை வைத்துக்கொண்டு, பதினோரு வருடம் படிவம் நிரப்பிவிட்டு, இதைச் செய்தேன். அவராவது ஒரு பதிவேட்டில் ஒரு தரம் செய்த தப்பு. நான் நான்கு காகிதத்தில் செய்தேன்.

மறுநாள் பஸ் ஏறி அவனோடு திருப்பதிக்குப் போனேன். பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் தெலுங்கில் சொன்னார். இது ஸ்பெல்லிங் திருத்தம் இல்லை, பெயர் மாற்றம். பிரமாணப் பத்திரம், இரண்டு பேப்பரில் விளம்பரம், பழைய பாஸ்போர்ட் ரத்து, புதுசுக்கு வேறு நம்பர். விசா பழைய நம்பரில் வந்திருக்கிறது என்றேன். "முந்தே சூசுக்கோவாலி கதம்மா," என்றார். முன்னாலேயே பார்த்திருக்க வேண்டுமாம். அந்த ஆளை அடிக்கலாம் போல இருந்தது. அவர் சொன்னது உண்மை.

சான்றிதழைத் திருத்தலாமா என்று பள்ளியில் கேட்டோம். சேர்க்கைப் பதிவேட்டில் ஷேக் என்று இருக்கிறது, அதற்கு மேல் யாரும் கை வைக்க முடியாது என்றார்கள். இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி அனுப்பினோம். தூதரகத்தில் ஏற்கவில்லை. கம்பெனி மூன்று வாரம் பார்த்தது. பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

"அதே கம்பெனில ஹெல்பர் இருக்குதாம்," என்று ஏஜென்ட் சொன்னான். "அதுக்குச் சான்றிதழ் வேணாம். இந்தப் பாஸ்போர்ட்லயே போலாம்."

பையன் என்னைப் பார்த்தான். "போய்டறேன்க்கா. வூட்ல அவளுக்கு ஏழு மாசம்."

"ஹெல்பர்னா ஒயர் தூக்கணும்டா. நீ இழுக்கற ஒயர உன்னவிட வேல தெரியாதவன் இழுப்பான், நீ ஏணி புடிச்சிக்கினு நிக்கணும்."

"நிக்கறேன். புதுசு எடுத்துக்கினு மறுபடியும் வேல தேடினா எத்தினி மாசம் ஆவும், நீயே சொல்லு."

அந்தப் பாஸ்போர்ட்டிலேயே ஹெல்பராகக் கத்தாருக்குப் போய்விட்டான்.

என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அந்த மரியாதை இன்னும் எரிகிறது.

மூன்று மாதம் கழித்து அவன் மனைவி கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழுக்கு விவரம் எழுதித் தர வேண்டும்.

"தகப்பன் பேரு எப்டி எழுதறதுக்கா? ஷேக் போட்டா, இல்ல மாமனாரு பேரு போட்டா? அவரு போன்ல உன்ன கேட்டு எழுதச் சொன்னாரு."

இன்னும் என்னைக் கேட்கச் சொல்கிறான்.

நாளைக்கு இவளையும் குழந்தையையும் அவன் அங்கே அழைத்தால் குழந்தையின் காகிதத்தில் இருக்கிற தகப்பன் பெயரும் அவன் பாஸ்போர்ட்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் விசாக் கவுண்டரில் நிறுத்துவார்கள். இதுதான் சரியான முறை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

"அவன் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வெச்சிருக்கியா?" என்றேன்.

கொடுத்தாள். அதைப் பார்த்து, நான் தப்பாக எழுதிய பெயரை, இடைவெளிகூட மாறாமல், குழந்தைக்குத் தகப்பன் பெயராக எழுதிக் கொடுத்தேன்.