கூப்பிட்ட திமிங்கிலம்

கோல்டன் விரிகுடாவில் பழைய படுக்கை விரிப்பை யாரும் கிழித்துத் துடைதுணி ஆக்குவதில்லை. துவைத்து மடித்துக் காரில் போட்டு வைப்பார்கள். க்ளெனிஸ் டாகெட் தன் பால் லாரியின் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஏழெட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்று ஊதாப் பூப்போட்டது. அவள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. புருஷன் போய்விட்டான், விரிப்பு தங்கிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றிப் போவதுதான் அவள் வேலை. ஆனால் ஊரில் அவளைக் கேள்வி கேட்பவளாகத்தான் தெரியும். கரையொதுங்கும் திமிங்கிலங்கள் ஏன் ஒதுங்குகின்றன என்று எந்த இயற்கைப் பாதுகாப்பு ரேஞ்சரையும் அவள் சும்மா விட்டதில்லை.

அந்த ஆண்டு கோடையில், காலைக் கடல் வற்றும்போது ஃபேர்வெல் மணல்திட்டின் உட்பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட பைலட் இனத் திமிங்கிலங்கள் சேற்று மணலில் கிடந்தன. க்ளெனிஸ் லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தாள். ரேஞ்சர் ராவிரி ஆட்களைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு ஓரமாகக் கிடந்த ஒரு பெரிய பெண் திமிங்கிலம் கிடைத்தது. முதுகுத் துடுப்பில் கடித்து எடுத்தாற்போல் ஒரு வெட்டு.

பூ விரிப்பை நனைத்து அதன் முதுகில் போர்த்தினாள். மூச்சுத் துளையைச் சுற்றி நன்றாக விலக்கி விட்டாள். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி, நீர் தேங்கக் குழி செய்தாள். எடை முழுக்கத் துடுப்பின் மேல் விழுந்தால் அது மரத்துப்போகும்.

பக்கத்துத் திமிங்கிலத்துக்கு டில் என்ற ஜெர்மன் பையன். சுற்றுலா வந்தவன். ஆர்வத்தில் வாளித் தண்ணீரைத் தலையோடு கவிழ்க்கப் போனான்.

“ஏய் ஏய், நிறுத்து! உன் மூக்குல ஒரு வாளி ஊத்தினா சும்மா இருப்பியா? அது மூச்சு விடுற ஓட்டை அதுதாம்பா.”

“சாரி, சாரி! சூடா இருக்கும்னு நெனச்சேன்.”

“சூடுதான். முதுகுல ஊத்து. வாலுக்குப் பக்கத்துல மட்டும் போகாத, ஒரு வீசு வீசிச்சுன்னா உன்னை ஜெர்மனிக்கே அனுப்பிடும். அது மூச்சு விடும்போது முகத்தைத் திருப்பிக்கோ. அதோட சீக்கு உனக்கு வேண்டாம்.”

“வாலைப் புடிச்சு இழுத்துக் கடல்ல விட்டா என்ன?”

“முதுகெலும்பு போயிடும். கூடவே அது செத்துப்போகும். வேண்டாம்.”

நடுப்பகலில் ராவிரி சுற்றி வந்தபோது க்ளெனிஸ் தன் வழக்கமான கேள்வியைத் தொடங்கினாள்.

“இந்த மணல்திட்டுதான் காரணம்னு சொல்றியே, இத்தனை நாள் பக்கத்துலயே போய்க்கிட்டுதானே இருந்திருக்கும்?”

“கொக்கி மாதிரி வளைஞ்சு கிடக்கு ஆன்ட்டி. மணல் மெல்லச் சாயுது. அவங்க எழுப்புற சத்தம் பாறைல பட்டா திரும்பி வரும், கரைன்னு தெரிஞ்சுக்குவாங்க. இந்தச் சரிவுல பட்டா வராது. கடல் இன்னும் நீளுதுன்னு நெனச்சுக்கிட்டு உள்ள வந்துடுவாங்க. தண்ணி சட்டுனு வத்திடும்.”

“அப்போ முதல்ல வர்றது யாரு?”

“தெரியாது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம். எதையாவது துரத்தி வந்திருக்கலாம். கடல்ல நடக்கிற பெரிய சத்தத்துல காது போயிருக்கலாம். ஒண்ணு வந்தா மத்தவங்க விட்டுட்டுப் போறதில்ல.”

“எது காரணம்?”

“எல்லாமே. எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.”

“நல்லா பதில் சொல்ற, எலெக்ஷன்ல நில்லுப்பா.”

மாலையில் கடல் ஏறியது. ராவிரி திரும்பத் திரும்பக் கத்தினான்: “நான் சொல்ற வரைக்கும் ஒண்ணையும் விடாதீங்க! தனியா விட்டா கூட்டத்துக்கிட்டயே திரும்பி வந்துடும்!” இடுப்பளவு நீரில் நின்று, கிடந்து கிடந்து விறைத்த உடல்களை நிமிர்த்திப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினார்கள். ஒவ்வொன்றாகத் தன் உடம்பைத் தானே தாங்கத் தொடங்கியது. க்ளெனிஸின் திமிங்கிலம் மட்டும் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. பிடியைத் தளர்த்தினால் மூச்சுத் துளை நீருக்குள் போனது. கடைசியில் எப்படியோ நேரானது. எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, கை கோத்துச் சுவராக நின்று ஆழத்துக்கு ஓட்டினார்கள்.

அவள் அப்போது ஒன்றைக் கேட்டாள். பின்தங்கிய தன் திமிங்கிலத்திடமிருந்து மெல்லிய விசில். முன்னால் போனவை வளைந்து திரும்பின. இருட்டத் தொடங்கியது. நீரிலிருந்து எல்லோரும் வெளியேறும்படி ராவிரி கண்டிப்பாகச் சொன்னான். இருட்டில் அந்தக் கனத்த உடல்களுக்கு நடுவே நின்றால் மனிதரும் திரும்புவது சந்தேகம்.

மறுநாள் காலை, கொஞ்சம் தள்ளி, மறுபடி எல்லாம் மணலில் கிடந்தன. இரண்டு செத்திருந்தன. ஓரத்தில் அதே வெட்டு விழுந்த துடுப்பு.

“வந்துட்டியா?” என்றாள் க்ளெனிஸ். பூ விரிப்பை மறுபடி நனைத்தாள்.

அதன் மூச்சு முந்தின நாளைவிடக் கரகரத்தது. இன்று அவள் கையைக் குழிநீரில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதன் விசில் வந்தது. டில் கவனித்துவந்த திமிங்கிலம் உடனே பதில் கொடுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அமைதி. மறுபடி இது கூப்பிட்டது. மறுபடி அதே வரிசையில் பதில். மற்றவை தாமாகக் கூப்பிட்டபோது அவ்வளவு பதில் வரவில்லை.

இத்தனை வருஷம் கேட்டதற்கு ஒரு துண்டு விடை கைக்குள் வந்தாற்போல் இருந்தது. அடுத்த நிமிடமே அதன் விலை என்னவென்றும் புரிந்தது. இதைச் சொன்னால் இவளை முடிக்க ராவிரி துப்பாக்கியை எடுப்பான். சொல்லாவிட்டால் இன்று மாலையும் இவள் கூப்பிடுவாள், எல்லாம் திரும்பும். மூன்றாவது நாள் எத்தனை உயிரோடு இருக்கும்?

விரிப்பை ஒருமுறை சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து போய்ச் சொன்னாள்.

ராவிரி கால்நடை மருத்துவரோடு வந்து மூச்சைக் கேட்டான். தானும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். விசிலும் பதிலும் வந்தன.

“இவ தேறமாட்டா ஆன்ட்டி. டாக்டர் காலையிலேயே சந்தேகப்பட்டாரு. நீங்க சொன்னதாலன்னு நெனச்சுக்காதீங்க.”

“நான் சொன்னது தப்பா இருந்தா?”

“இருக்கலாம். அப்பவும் இவளுக்கு வேற வழி இல்ல.”

டில்லுக்குக் கண் கலங்கியது. “விட்டுடலாமே, ஒரு தடவை முயற்சி...”

“போப்பா, உன் ஆளைப் பாரு,” என்றாள் க்ளெனிஸ். “இன்னிக்கு அவ கடலுக்குப் போகணும்.”

அந்தக் கரையின் பூர்வகுடி மாவோரிக் குடும்பங்கள் சார்பில் நைரீ வந்து பிரார்த்தனை சொன்னாள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார்கள். க்ளெனிஸ் விரிப்பை எடுக்கவில்லை. ஒரே ஒரு வெடிச் சத்தம். அதன் பிறகு கரை முழுக்க மூச்சு விடும் ஓசை மட்டும்.

மாலை கடல் ஏறியது. மறுபடி நிமிர்த்தி, ஆட்டி, காத்திருந்து, ஒன்றாக விட்டார்கள். கைச் சங்கிலியில் க்ளெனிஸின் ஒரு பக்கம் டில், மறுபக்கம் நைரீ. திமிங்கிலங்கள் கொஞ்ச தூரம் போய் நின்றன. சுற்றின. யாரோ பெருமூச்சு விட்டார்கள். க்ளெனிஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு விசில் கேட்டது, ஆழத்திலிருந்து. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

மறுநாள் விடியலில் பால் எடுக்கப் போகும் முன் லாரியை மணல்திட்டுக்கு விட்டாள். செத்த மூன்றைத் தவிரக் கரை வெறுமையாக இருந்தது. கடலிலும் ஒன்றும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து ராவிரி சொன்னான்: பூ விரிப்போடு கரையில் புதைக்கும் முன் அறுத்துப் பார்த்ததில் அவள் நுரையீரல் மோசமாக இருந்ததாம். காதில் கோளாறு எதுவும் பிடிபடவில்லையாம்.

“அப்போ நுரையீரல் கெட்டதால முதல்ல வந்தாளா? இல்ல, யார் பின்னாலயோ வந்து இங்கதான் கெட்டுச்சா?”

“தெரியாது ஆன்ட்டி.”

“கடைசியா ஆழத்துல விசில் அடிச்சது யாரு?”

 க்ளெனிஸ் லாரியைக் கிளப்பினாள். இருக்கைக்குப் பின்னால் ஒரு விரிப்பு குறைந்திருந்தது. அந்த வாரமே காலிங்வுட் பழைய துணிக் கடையில் வெளிர்நிறமாகப் பார்த்து ஒன்று வாங்கினாள். பூப்போட்டது இல்லையா என்று கடைக்காரி கேட்டதற்கு, “அது கடலுக்குப் பக்கத்துல தூங்குது,” என்றாள்.