மல்லிகை கட்டிய பத்து நாள்

என் மூத்த பிள்ளையைத் தெருவே சமத்து என்று கொண்டாடியது. அவன் வீறிட்டு அழமாட்டான். பாலுக்கு எடுத்தால் நாலு மிடறு குடித்துவிட்டுக் கண் செருகித் தூங்கிவிடுவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் அழுமூஞ்சிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் புள்ள தங்கம்டி" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுவதற்குக்கூட அவனுக்குத் தெம்பில்லை என்பதைப் பெற்றவள் நானே பெருமையாக எடுத்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மார்கழிக் காற்றில் நாங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தபோது, பால் குடிக்கும் அவனுக்கு மட்டும் நெற்றி வியர்த்துக் கொட்டும். என் முந்தானை நனைந்துவிடும். இரண்டு உறிஞ்சு, பிறகு மூச்சு வாங்கல், மறுபடி இரண்டு உறிஞ்சு. அப்போது உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி நீலம் பாரிக்கும். ஞானஸ்நானத்துக்குத் தைத்த சட்டை மூன்றாம் மாதத்திலும் தொளதொளவென்றே இருந்தது.

என் கணவரின் அக்காதான் வீட்டில் எல்லாம். கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் கண்ணாடி தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, என் பாலை ஒரு சொட்டு விடச் சொன்னார். சொட்டு நூல் நூலாக அடியில் இறங்கியது.

"பாத்தியா, கரையல. உன் பால்தான் புள்ளைக்கு ஆவல."

கப்பல் துறையில் வேலை பார்த்த என் கணவருக்கு அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாசிக் கடைசி, முதல் மல்லிகை வந்திருந்தது. பால் வற்றுவதற்காக அண்ணியே அதை நெருக்கமாகத் தொடுத்து என் மார்பில் வைத்துக் கட்டினார். பத்து நாள். ஊரில் மற்றவர்கள் தலையில் வைத்துக்கொண்ட பூ எனக்கு மட்டும் நெஞ்சில் வாடியது. பால் வற்றியது.

பிள்ளைக்குப் பாலாடைச் சங்கில் ஆட்டுப்பால் கொடுத்தோம். அதே வியர்வை, அதே மூச்சு, அதே நீலம். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஆட்டுப்பாலிலும் என் குற்றமா? பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அண்ணி முணுமுணுத்தபடி பின்னாலேயே வந்தார்.

டாக்டர் வெள்ளைக்காரர் இல்லை, நம்மூர்க்காரர், வயதானவர். பிள்ளையைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "என் எதிர்லயே குடுங்க, பாக்குறேன்" என்றார். பாலாடையை வைத்தேன். அவர் சட்டைப்பை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையின் மூச்சை எண்ணினார். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், அதுவும் நீலம். வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"பால்ல ஒண்ணுமில்லம்மா. இது இருதயக் கோளாறு, பொறக்கும்போதே வந்தது. பால் குடிக்கிறதே இவனுக்கு மூட்ட தூக்குற வேல. அதான் வேக்குது, தூங்கிடுறான்."

"சரியாவுமா?"

"சொட்டு மருந்து தரேன், மூச்சு கொஞ்சம் அடங்கும். கோளாற சரி பண்ற வைத்தியம் எங்கயுமே இன்னும் வரல." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தலைய ஒசத்தி வச்சுக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா, நடுநடுவுல நிறுத்தி, அடிக்கடி குடுங்க. உங்க பாலயே பீச்சிக் குடுங்க, அதான் நல்லது."

வற்றவைத்த பாலை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முந்தி வருகிற சிரிப்பு. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவர் அடுத்த வீட்டு ஆறு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவிலேயே பெரிய அழுமூஞ்சி அவன்தான்.

"இவன வச்சுக்க. இழுக்குற இழுப்புல வந்துடும்."

ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொண்டுவந்தார். ஒன்றும் வராத மார்பை அவன் ஆத்திரத்தோடு இழுத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் ஈரம் தெரிந்தது. அதைப் பீச்சி, பாலாடையில் எடுத்து, அண்ணி தன் மடியில் என் பிள்ளையைச் சாய்த்துவைத்து ஊட்டினார். இரண்டு சொட்டு, நிறுத்தி, மூச்சு அடங்கியதும் மறுபடி இரண்டு சொட்டு. நெற்றி வியர்வையைத் தன் புடவையிலேயே துடைத்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நாலு மாதம் அப்படி ஓடியது. சிரிக்கக் கற்றுக்கொண்டான். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு ஜனங்கள் தெருவை அடைத்துக்கொண்டு போன நாளில், என் மடியிலேயே அடங்கிப்போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. வலி தாங்காமல் சுவரில் சாய்ந்திருந்தேன். அண்ணி வாசலில் நின்றார். மல்லிகை கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் அடுத்த வீட்டுப் பையன் இருந்தான்.

"பூவெல்லாம் வேணாம்" என்று அவனை என் மடியில் விட்டார். "அவன் குடிக்கட்டும்."

அவன் மூச்சு வாங்காமல், ஒரு சொட்டு வியர்க்காமல், குடித்து முடித்தான்.