மூத்தவள் என்றால் கேட்டை, பிந்தியவன் என்றால் உத்திரம்

இன்று காலை அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டரில்...

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் செல்வி, என் தம்பி பாண்டியின் மனைவி.

நாளை எனக்கு ஆஞ்சியோ. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கவுண்டர்க்காரர் நிமிராமல் பேரு, நட்சத்திரம் என்றார். என் பெயரைச் சொல்லி, உத்திரம் என்றாள்.

"உத்திரமா, உத்திராடமா, உத்திரட்டாதியா? சரியாச் சொல்லும்மா. எல்லாரும் பாதியிலயே நிறுத்திர்றீங்க."

அந்தக் கேள்வியில் பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது நான் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு ஒரு பெட்டிச் செய்தி எழுதச் சொன்னார்கள். இருபத்தேழு நட்சத்திரப் பெயர்களுக்கும் நேரான பொருள். (கொலை, கொள்ளை எழுதியவனுக்கு வயதானால் இதைத்தான் கொடுப்பார்கள்.)

ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார் ஒருவரிடம் நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

அஸ்தம் என்றால் கை. மிருகசீரிடம், மான் தலை. திருவாதிரையில் 'திரு' நாம் சேர்த்த மரியாதை. ஆதிரை என்பது ஆர்த்ரா, ஈரமானது. சதயம், சதபிஷக் என்பதன் மிச்சம், நூறு வைத்தியர்.

என் உத்திரத்தை வீட்டுக் கூரையில் கிடக்கும் உத்திரம் என்றே நாற்பது வயது வரை நினைத்திருந்தேன். இல்லையாம். பல்குனி என்று இரண்டு நட்சத்திரங்கள். முந்தையது பூர்வ பல்குனி, அது பூரம். பிந்தையது உத்தர பல்குனி, அது உத்திரம். நம் நாக்கு பல்குனியை விழுங்கிவிட்டு 'பிந்தையது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டது. பூராடம், உத்திராடம் என்பதிலும், பூரட்டாதி, உத்திரட்டாதி என்பதிலும் அதே முந்தையது, பிந்தையதுதான்.

அதே வாரம்தான் கொட்டாம்பட்டியிலிருந்து செல்வியின் ஜாதகம் விளாங்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது.

பாண்டி ஏற்கனவே பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாளாகப் பழங்காநத்தத்தில் இருந்த தன் எலக்ட்ரிக்கல் கடையில் வயரை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

ஜாதகத்தில் கேட்டை.

அம்மா தாளை மடித்து வைத்துவிட்டார். கேட்டைப் பெண் வந்தால் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்பது ஊரறிந்த பேச்சு. பாண்டிக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான்.

அதாவது, என் உயிருக்காக ஒரு கல்யாணம் நின்றது.

பாண்டி கடையைப் பூட்டிவிட்டு என் அலுவலகத்துக்கே வந்தான். "அண்ணே, உனக்குப் பயம்னா சொல்லிரு. நான் விட்டுர்றேன்."

பயமில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அவனும் அதைக் கவனித்தான்.

அன்று மாலை பெட்டிச் செய்தியின் புரூஃபோடு அம்மாவிடம் போனேன். கேட்டைக்கும் 'கெட்ட' என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது ஜ்யேஷ்டா, அதற்கு மூத்தவள் என்று பொருள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"மூத்தவளா?" என்றார் அம்மா. "அதத்தேன் சொல்றாக. ஒரு வீட்டுல ரெண்டு மூத்தது எப்பிடிடா இருக்கும்?"

புரூஃபைப் பார்த்தேன். மற்ற பயங்களும் அதிலேயே இருந்தன. மூலம் என்றால் வேர், அது மாமனாருக்கு ஆகாது என்பார்கள். விசாகம் என்றால் பிரிந்த கிளை, அது கொழுந்தனுக்கு. ஆயில்யம், ஆஸ்லேஷா, பாம்பு போலச் சுற்றித் தழுவுவது. அது மாமியாருக்கு. பயத்தைத் தீர்க்கப் போனவன் அதற்கு அகராதி எழுதிக் கொடுத்திருந்தேன்.

வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. புரூஃபை அங்கேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அம்மா அதைக் கையில் வைத்திருந்தார். ஆறாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். உத்திரம் என்ற வரியில் விரல் இருந்தது.

"பிந்தையதுன்னா பெறகு வந்ததுதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நீ மூத்தவன் இல்லடா. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். பதினோரு நாளு. பேரு வைக்கல."

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அந்த வீட்டில் அதுவரை எனக்குப் பெயரே 'பெரியவன்'தான். அப்படி ஒருவன் இருந்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அம்மா அழவில்லை. தாளை மடித்தார். "மூத்தது போயிருச்சு. நீ பிந்தினவன். உன் நச்சத்திரத்துலயே எழுதியிருக்கு. கொட்டாம்பட்டிக்குச் சொல்லி விடு."

ஜோசியத்தில் இதற்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடச் செய்தியாளனுக்கு எங்கே கேள்வியை நிறுத்துவது என்று தெரியும். (அப்போது இருபதுதான். பரவாயில்லை.)

தாலி கட்டி முடியும் வரை என்னை யாரும் 'பெரியவன்' என்று கூப்பிடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அம்மா மட்டும் இரண்டு தடவை மறந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

பெட்டிச் செய்தி வெளியானது. ஒரு வாசகர் கடிதம் வந்தது. ரேவதிக்குப் பொருள் செல்வமுள்ளவள் என்றால் தன் மனைவி ஏன் அப்படியில்லை என்று கேட்டிருந்தார்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. இப்போது என் மாத்திரை டப்பா செல்வியிடம்தான் இருக்கிறது.

கவுண்டருக்கு வருகிறேன்.

"வெறும் உத்திரம்தாண்ணே. எழுதுங்க" என்றாள். அடுத்து பாண்டி, பிள்ளைகள். கடைசியாகத் தன் பெயர், கேட்டை.

கவுண்டர்க்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். "கேட்டையா? வீட்டுக்காரருக்கு அண்ணன் இருக்காராம்மா?"

செல்வி கட்டை விரலால் பின்னால் காட்டினாள்.

"இந்தா நிக்கிறாரு. சுகருக்கு லட்டு திங்கக்கூடாதுன்னா என்னையத்தான் முறைப்பாரு. சீட்டைக் குடுங்கண்ணே, நேரமாச்சு."

நாளை மாலைக்கு மேல் போன் செய்யுங்கள். நான் எடுக்காவிட்டால் அவள் எடுப்பாள்.