சால்வைக்குள் ஒளித்த கை

பிறவியிலேயே எனக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. டேட்டிங் ஆப்பில் போட்ட போட்டோக்களில் அதை மறைத்திருந்தேன். அதில் அறிமுகமான ஒரு தமிழரை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் அருகே ஓர் ஓட்டலில் முதன்முறை சந்தித்தபோதும் சால்வைக்குள் ஒளித்தேன்.

"கையில என்னங்க?" என்றார்.

"ஃபிராக்சர்" என்று சொல்லிவிட்டேன்.

பாவம், என் தோசையைப் பிய்த்துக் கொடுத்தபடி, "எப்பக் கட்டு பிரிப்பாங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். கூசிப்போய் உண்மையைச் சொன்னேன்.

"கை ஒரு விஷயமே இல்லைங்க. முதல் நாளே பொய்யா?"

அதன்பின் அவர் மெசேஜ் அனுப்பவேயில்லை.

இப்போது ஆப்பில் என் முதல் போட்டோவிலேயே அந்தக் கை தெரிகிறது. யாரையாவது சந்தித்ததும், "பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான். சாஸ் பாக்கெட்டை மட்டும் நீங்க பிரிச்சுக் கொடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துப்பேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, அவருடைய வேலையைப் பற்றிக் கேட்கிறேன். அவருக்கும் என் கையைப் பார்ப்பதா, பார்வையைத் திருப்புவதா என்ற தவிப்பு இருப்பதில்லை.