ஒரே கம்பியின் நாற்பது படங்கள்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் கட்டிய அந்தச் சிறிய மருத்துவமனைக்கு நான்தான் குழாய் வேலைகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். சரிபார்த்தேன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, போனில் வந்த படங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எனக்குக் குமட்டும். அது ஒரு காரணமா என்று கேட்டால் என்னிடம் வேறு காரணம் இல்லை.

எங்கள் தொழிலில் இப்போது படம்தான் வேலை. காண்ட்ராக்டர் ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்துக் குழுவில் போடுவார், நாங்கள் ஒப்புக்கொள்வோம். பிரசவ வார்டின் கூரைக்குக் கீழே தீயணைப்புத் தண்ணீர்க் குழாயும் ஏசி டக்டும் இரண்டடி கீழே தொங்குகின்றன. வரைபடத்தில் குழாயைத் தாங்கிப் பிடிக்க மூன்று மீட்டருக்கு ஒரு ஹேங்கர். நில அதிர்வில் குழாய் ஊசலாடாமல் இருக்க, குறித்த இடங்களில் இரண்டு பக்கமும் சாய்வாக எஃகுக் கம்பிக் கேபிள் கட்டி, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட வேண்டும். கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கட்டினால், குழாய் அந்தக் கேபிளை நோக்கி ஆடும்போது அது தொய்ந்து போய்ச் சும்மா கிடக்கும். நாற்பது இடத்துக்கு நாற்பது படம் வந்தது. எல்லாம் அழகாக இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குழாய்களை மறைக்கும் தட்டுச் சீலிங் போடுபவர் போன் செய்தார். தேவனூர் நாட்டுக்காரர், முப்பது வயது இருக்கும், அளந்து பேசுகிறவர்.

"சார், பைப்பு நடுவுல தொங்கி எம்பட ஃபிரேம் மேல ஒக்காந்திருக்குதுங்க. நாளைக்கு மிச்சத்தையும் மூடச் சொல்றாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். வழியில் இரண்டு இடத்தில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். ஏணியில் ஏறி, பாதி மூடியிருந்த சீலிங்கின் மேல் டார்ச் அடித்தேன். முதல் ஹேங்கரிலிருந்து அடுத்த ஹேங்கருக்கு டேப் பிடித்தால் ஆறு மீட்டர். நடுவில் இருக்க வேண்டியதை அப்படியே விழுங்கியிருந்தார்கள். குழாய் வயிறு தள்ளி நின்றது. வார்டின் வாசலருகில் மட்டும் ஒரு ஜோடி கேபிள் இருந்தது. அதைத் தாண்டிச் சில இடங்களில் ஒரு பக்கம் மட்டும், மற்ற இடங்களில் ஒன்றுமே இல்லை. குழாய் நீளவாக்கில் நகராமல் பிடிக்க வேண்டிய கேபிள் எங்கேயும் இல்லை.

வாசலருகிலிருந்த போல்ட்டின் பக்கத்தில் மாங்கொட்டை அளவுக்குச் சிமெண்ட் வழிந்து காய்ந்திருந்தது. போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். நாற்பதிலும் அதே சிமெண்ட். இடப்பக்கமிருந்து, வலப்பக்கமிருந்து, கிட்டத்தில், எட்டத்தில். ஒரே கம்பியை நாற்பது தடவை படமெடுத்து அனுப்பியிருக்கிறான் பாவி. காண்ட்ராக்டரை உடனே வரச் சொல்லிப் போன் செய்தேன்.

காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"ஏனுங்க, கொல்லிமலையில எங்கீங்க பூகம்பம்? சீலிங் மூடிட்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே. படம் போட்ட ஒரே நிமிசத்துல ஓகே போட்டீங்க." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கீழே வரிசையாக என் கட்டைவிரல்கள். "இப்ப மாத்துனா முதல்ல உங்களத்தான் கேப்பாங்க."

அருவருப்பு அவர் மேல் கொஞ்சம், என் மேல் மிச்சம் எல்லாம். அவர் திருடினார், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். வெயில் ஏறிய வராந்தாவில் போய் நின்றேன். வேலை போகும் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல், சீலிங் மூடினால் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

சீலிங்காரர் பின்னாலேயே வந்தார்.

"வர்ற மாசம் எம்பட ஊட்டுக்காரிக்கு நாளுங்க. இந்த வார்டுலதான் சேக்கணுமுன்னு இருக்கறோம். அதாஞ் சார் உங்களுக்குப் போன் பண்ணுனேன்."

குழுவிலேயே எழுதினேன். நாற்பது ஒப்புதலையும் ரத்து செய்கிறேன், நேரில் பார்க்காமல் கொடுத்தேன், சீலிங்கைப் பிரித்து எல்லா ஹேங்கரும் இருபக்கக் கேபிளும் போட்டு, ஒவ்வொன்றையும் நான் தொட்டுப் பார்த்த பிறகே மூடலாம். காண்ட்ராக்டர் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். என் அலுவலகத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

உள்ளே திரும்பி, தட்டுகளை எல்லாம் கழற்றச் சொன்னேன். சீலிங்காரர் ஏணியில் ஏறி முதல் தட்டைத் தூக்கினார். பிறகு அப்படியே நின்று, கோபம் துளியும் இல்லாமல் கேட்டார்:

"அப்ப இத்தன நாளும் நீங்க ஒருக்காக்கூட மேல ஏறிப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கழற்றினார்.