ஒரே விரலால் மூடிய வாய்

எங்கள் பாராயணக் கூட்டத்துக்கு நான்தான் ஹோஸ்ட். முன்பு ஸ்ரீரங்கத்தில் மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாசுரம் சேவித்த ஏழு பெண்கள், இப்போது ஊருக்கொருவராகச் சிதறிவிட்டோம். காட்டூரில் இருக்கும் நான் போனிலேயே வீடியோ மீட்டிங்கைக் குறித்து, வாரந்தோறும் சனிக்கிழமை என்று தேர்ந்தெடுத்து, லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன்.

மாமா காலமானபின் மாமி ஒரு வருடமாகச் சேவிக்கவே இல்லை. மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். அந்தச் சனிக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார். "இன்னிக்கு நான் ஆரம்பிக்கட்டுமாடி?"

"ஆரம்பியுங்கோ மாமி" என்றேன். மாலை ஐந்து மணிக்குப் போனை மாவு டப்பாவில் சாய்த்து மீட்டிங்கைத் தொடங்கினேன். காத்திருப்போர் பட்டியலில் பெயர்கள் வர வர 'அட்மிட்' அழுத்தினேன். மாமியின் பெயர் வருவதில்லை, பேரன் வைத்த 'டிராகன் கிங்'தான் வரும். அதையும் உள்ளே விட்டேன்.

மாமி மைக்கைத் திறந்து, கண்ணை மூடினார். அதே நொடியில் யார் வீட்டிலோ மிக்சி அலறியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கூட்டத்தில் இருப்போர் பட்டியலைத் திறந்து, எல்லார் மைக்கையும் அணைக்கும் 'மியூட் ஆல்' அழுத்திவிட்டேன்.

மிக்சி நின்றது. மாமியின் உதடுகள் அசைந்தன, சத்தம் மட்டும் இல்லை. அவரையும் சேர்த்தே மூடியிருக்கிறேன்! ஹோஸ்ட் யார் வாயையும் மூடலாம், ஆனால் திறக்க முடியாது. திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். கேட்டேன். அந்தக் கேள்வி மாமியின் திரையில் வந்து நின்றிருக்கும், ஆனால் அவர் சேவிக்கும்போது கண் திறப்பதே இல்லை.

என் மைக் திறந்துதான் இருந்தது. "மாமி" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஒரு வருடம் கழித்து வந்ததைப் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் மைக்கையும் அணைத்துவிட்டு அழுதேன்.

முடித்ததும் கண் திறந்தார், திரையில் நின்ற கேள்வியைப் பார்த்தார், தட்டினார். "நன்னா இருந்துதாடி?"

பொய் சொல்ல ஒரு கணம் ஆசை வந்தது. என் மைக்கைத் திறந்தேன். "மாமி, நான் உங்களையும் மியூட் பண்ணிட்டேன். எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை."

 மாமி சிரித்தார். "நல்லதாப் போச்சு. நடுவுல ரெண்டு வரி மறந்துபோச்சு, யாருக்கும் தெரியாது. இன்னொரு தரம் சேவிக்கறேன்."

இந்த முறை கண்ணை மூடவில்லை. மறந்த இடம் வந்ததும் குரல் தழுதழுத்து நின்றது. உடனே ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து அந்த வரிகளை எடுத்துக்கொடுத்தோம். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி, ஒரே குழப்பம். நடுவே அந்த மிக்சியும் அலறியது. நான் எதையும் அழுத்தவில்லை.